தையலுக்கு அடியில் கயிறு, ஓரத்தில் ஈரம்

கேள்வி: டாக்டரம்மா, என் மகளுக்கு ஆபரேஷன் செய்து பிள்ளை பிறந்து இன்றோடு ஒன்பது நாள். ஏழாம் நாள் தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். தையல் போட்ட இடத்துக்கு அடியில் கயிறு மாதிரி கட்டியாகத் தட்டுப்படுகிறது. அதற்குக் கீழே தோல் பச்சையும் மஞ்சளுமாகக் கிடக்கிறது. இடது ஓரத்தில் நெல்மணி அளவுக்கு வாய் திறந்து, நேற்று ராத்திரி முதல் பாவாடையில் மஞ்சளாகக் கறை படுகிறது. காய்ச்சல் இல்லை. தண்ணீர் குடித்ததால்தான் சீழ் வைத்துவிட்டது என்று எங்கள் ஆச்சி ஒரு நாளைக்கு இரண்டு டம்ளருக்கு மேல் கொடுக்க விடமாட்டேன் என்கிறார்கள். மஞ்சள்பொடி வைத்து அமுக்கலாம் என்றும் சொல்கிறார்கள். இதில் எதற்குப் பயப்பட வேண்டும்?
ஒரு தாய், கல்லிடைக்குறிச்சி

பதில்: அம்மா, நீங்கள் கேள்வியை வாட்ஸப்பில் அனுப்பியது நல்லதாகப் போயிற்று. தையல் ஓரத்தில் ஈரம் என்பது அச்சில் பதில் வருகிறவரை காத்திருக்கிற சமாசாரம் இல்லை. அதனால்தான் அன்றே உங்களைக் கூப்பிட்டு, மகளை ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகச் சொன்னேன். அங்கே என்ன பார்த்தார்கள் என்பதைப் பிறகு சொல்கிறேன். இதே கேள்வியை வாரத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் கேட்பதால், உங்கள் சம்மதத்தோடு கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கயிறு. அது இருக்க வேண்டியதுதான். இல்லாவிட்டால்தான் எனக்குக் கவலை.

ஆபரேஷனில் நாங்கள் கீறுவது ஒரே ஓர் அடுக்கை இல்லை. மேலே தோல், அதற்கு அடியில் கொழுப்பு, அதற்கும் அடியில் கித்தான் துணி மாதிரி வெள்ளையாக, உறுதியாக ஓர் உறை. அப்புறம் தசை வரும். தசையைப் பெரும்பாலும் வெட்டுவதில்லை, நடுவில் இரண்டாக விலக்கிக்கொள்வோம். அதற்குப் பின்னால் வயிற்றின் உள்சவ்வு, பிறகு கர்ப்பப்பை. இதில் வயிற்றைப் பிரியாமல் பிடித்து வைத்திருப்பது அந்த வெள்ளை உறைதான். அதற்குக் கெட்டியான நூலில் தனியாகத் தையல் போட்டிருக்கும், அதைப் பிரிப்பதும் கிடையாது. ஏழாம் நாள் உங்கள் மகளுக்குப் பிரித்தது வெறும் தோல் தையல். ஆகவே தோலில் நெல்மணி அளவு வாய் திறந்தால் வயிறே திறந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. இது தெரியாமல் ராத்திரி முழுக்க மகள் அசையாமல் படுத்துக் கிடந்ததாகச் சொன்னீர்கள். பாவம், அதற்கு அவசியமே இல்லை.

கீறிய இடத்தின் இரண்டு பக்கமும் உடம்பு புதிதாக நார்ச்சதையைக் கொண்டுவந்து நிரப்புகிறது. ஐந்தாம் நாள் வாக்கில் அது விரலில் தட்டுப்பட ஆரம்பிக்கும். ஒன்பதாம் நாளுக்குள் கீறலின் முழு நீளத்துக்கும் கயிறு போல, ஏறத்தாழ ஒரு விரல் அகலத்துக்கு இருக்க வேண்டும். இரண்டு ஓரங்களிலும் நூல் முடிச்சு இருப்பதால் அங்கே கொஞ்சம் கூடுதலாகத் திரண்டிருக்கும். எட்டு, ஒன்பது நாள் ஆன தையலைப் பார்க்கும்போது நான் கண்ணால் பார்ப்பதைவிட விரலால் தடவிப் பார்ப்பதுதான் அதிகம். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை கயிறு அறுபடாமல் போகிறதா என்று பார்ப்பேன். நடுவில் ஓரிடத்தில் மட்டும் கயிறு மறைந்து மெத்தென்று விரல் அமுங்கினால், அந்த இடத்துக்கு அடியில் ஏதோ தேங்கியிருக்கிறது அல்லது சேர வேண்டியது சேரவில்லை. கயிறு இளகி மறைய மாதக்கணக்கில் ஆகும். அதைத் தேய்த்துக் கரைக்க இப்போது எதுவும் செய்ய வேண்டாம்.

சீழ்க்கட்டி இப்படி இருக்காது. கயிறு நெடுகிலும் ஒரே மாதிரி இருக்கும், அதன் மேல் தோல் சாதாரணச் சூட்டில் இருக்கும், வலி நாளுக்கு நாள் குறையும். சீழ்க்கட்டி ஓரிடத்தில் மட்டும் புடைக்கும், புறங்கையை வைத்தால் சுடும், நேற்றைவிட இன்று வலி கூடியிருக்கும். தையலுக்கு மேலே வயிறு ஒரு திண்ணை மாதிரி துருத்திக்கொண்டிருப்பதையும், தையலைச் சுற்றி உணர்ச்சியே இல்லாமல் மரத்துக் கிடப்பதையும் பார்த்துச் சிலர் பயப்படுவார்கள். முன்னது வீக்கம், பின்னது தோலுக்குப் போகும் மெல்லிய நரம்புகள் கீறலில் அறுபட்டதால் வருவது. இரண்டும் சில மாதங்களில் மெல்ல மெல்லச் சரியாகும். தையலை ஒட்டிச் சில பேருக்கு மரப்பு போகாமல் நிரந்தரமாகத் தங்கிவிடுவதும் உண்டு. அதனால் ஆபத்து இல்லை.

பச்சையும் மஞ்சளும் கன்றிப்போன ரத்தம். ஆபரேஷனின்போது தோலுக்கு அடியில் கசிந்த ரத்தத்தை உடம்பு உடைத்து அப்புறப்படுத்தும்போது நிறம் மாறும். முதலில் நீலமும் கருஞ்சிவப்புமாக இருக்கும், அப்புறம் பச்சை, பிறகு மஞ்சள். ஒன்பதாம் நாளில் பச்சை மஞ்சள் என்றால் கணக்கு சரியாகத்தான் போகிறது. எழுந்து நடக்க நடக்க அது கீழே இறங்கும். அடிவயிற்றில் இருந்த நிறம் தொடையிடுக்கிலும் தொடையிலும் தெரிந்தால் பரவுகிறது என்று நினைக்க வேண்டாம், வடிகிறது. இரண்டு, மூன்று வாரத்தில் போய்விடும். ஆனால் இத்தனை நாள் இல்லாமல் ஒன்பதாம் நாளில் புதிதாக நீலம் பாரித்து, அந்த இடம் கல் மாதிரி விறைத்துப் பெருத்தால், உள்ளே இன்னும் ரத்தம் கசிகிறது. அதை உடனே காட்ட வேண்டும்.

சரி, ஓரத்து ஈரத்துக்கு வருவோம். அதில் வருவது ஊநீரா, சீழா என்பதைப் பாவாடைக் கறையை வைத்துச் சொல்ல முடியாது. எதுவானாலும் துணியில் காய்ந்தால் மஞ்சளாகத்தான் தெரியும். கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, மருந்துக்கடையில் வாங்கிய வெள்ளை காஸ் துணியை ஓரத்தில் லேசாக ஒற்றி, ஈரமாக இருக்கும்போதே வெளிச்சத்தில் பாருங்கள். இளநீரில் துளி மஞ்சள் கலந்த மாதிரி தெளிவாக, நாற்றம் இல்லாமல் இருந்தால் ஊநீர். கொழுப்பு அடுக்கில் தேங்கியது வழி கிடைத்ததும் வெளியே வருகிறது, வந்த பிறகு கனம் குறைந்து வலி தேவலை என்பார்கள். கெட்டியாக, அடியில் இருக்கும் துணி தெரியாத அளவுக்குக் கலங்கலாக, வெளிர்மஞ்சளோ பச்சையோ கலந்து, வாடையும் அடித்தால் சீழ், நம் பக்கத்தில் சிலர் சலம் என்பார்கள். வீட்டில் இவ்வளவுதான் பார்க்க முடியும். அந்த வாய் எவ்வளவு ஆழம் போகிறது, அடியில் உறை முழுசாக இருக்கிறதா என்பதை ஆஸ்பத்திரியில்தான் பார்க்க வேண்டும். ஊநீர் மாதிரி தெரிந்தாலும் 24 மணி நேரத்துக்குள் போய்க் காட்டுங்கள் என்று நான் சொல்வது அதற்காகத்தான்.

இனிச் சிவப்பு. தையலின் இரு கரையிலும், ஊசி போய் வந்த புள்ளிகளைச் சுற்றியும், அரை சென்டிமீட்டர் அளவுக்கு முதல் வாரத்தில் சிவந்திருப்பது வழக்கம். அது இருந்த இடத்தில் இருந்து மங்க வேண்டும், நகரக் கூடாது. நகர்கிறதா என்று ஞாபகத்தை நம்பிச் சொல்ல முடியாது, பத்துப் பேர் பார்த்தால் பத்து விதமாகச் சொல்வார்கள். ஒரு பால்பாயிண்ட் பேனாவால் சிவப்பு முடிகிற விளிம்பில் கோடு போட்டு, பக்கத்தில் மணியையும் எழுதுங்கள். ஆறு மணி நேரம் கழித்துப் பாருங்கள். கோட்டைத் தாண்டியிருந்தால் அப்போதே கிளம்ப வேண்டியதுதான். எங்கள் வார்டில் நாங்கள் செய்வதும் இதைத்தான்.

ஒரு விஷயத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மருத்துவப் புத்தகப் படங்களில் இருக்கும் சிவப்பு பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தது. நம் நிறத்தில் அப்படித் தக்காளிச் சிவப்பாக வராது. தோல் கருத்து, ஊதா ஓடி, எண்ணெய் தடவிய மாதிரி மினுமினுத்து, தோல் வரிகள் மறைந்து உப்பியிருக்கும். ஆகவே கண்ணோடு கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புறங்கையை முதலில் தொடையில் வைத்து, அப்புறம் தையலுக்கு மேல் வைத்தால் சூட்டில் வித்தியாசம் தெரிந்துவிடும். வயிற்று மடிப்பு தொங்கி மறைத்தால் மகளை மல்லாக்கப் படுக்கவைத்து, மடிப்பைத் தூக்கி, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தினமும் ஒரே நேரத்தில் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் டாக்டருக்கும் உதவும்.

என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். நான் தனியாகப் பார்க்க ஆரம்பித்த புதிது. நாங்குநேரிப் பக்கத்துப் பெண், கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தது, ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போனாள். ஆறாம் நாள் சாயங்காலம் அவளுடைய அத்தை போன் செய்து, வலது பக்கம் வலி கூடுகிறது, தொட்டால் சுடுகிறது என்றார். வரச் சொல்லியிருக்க வேண்டும். பஸ்ஸில் பச்சை உடம்போடு அலைய வேண்டாமே என்று நினைத்து, ஆன்டிபயாடிக் மாத்திரையைப் போனிலேயே சொல்லிவிட்டேன். இரண்டு நாள் வலி மட்டுப்பட்டது மாதிரி இருந்ததாம். ஒன்பதாம் நாள் 102 டிகிரி காய்ச்சலோடு வந்தாள்.

பார்த்தால் வாய் எங்கும் திறக்கவில்லை, ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஆனால் வலது பாதியில் இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் கருத்து மினுமினுத்தது. தடவிப் பார்த்தால் இடது பக்கத்திலிருந்து வந்த கயிறு அந்த இடத்தில் மூன்று சென்டிமீட்டருக்குக் காணாமல் போய், அப்பால் மறுபடி தொடங்கியது. நடுவில் மெத்தென்று அமுங்கியது. இரண்டு தையலை எடுத்ததுமே 30 மில்லி போலச் சீழ் வந்தது. கொஞ்சத்தைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு, சலைன் விட்டுக் கழுவி, விரலை விட்டு உறை முழுசாக இருக்கிறதா என்று பார்த்து, உள்ளே காஸை லேசாக நிரப்பிவிட்டோம். அன்று ராத்திரியே காய்ச்சல் இறங்கியது. தினமும் கட்டு மாற்றி, சர்க்கரைக்கு இன்சுலின் போட்டு, பத்து நாளில் அடியில் ஈறு மாதிரி சிவந்த புதுச்சதை ஏறியது. அப்புறம் மரப்பு ஊசி போட்டு மறுபடி தைத்தேன். குழந்தை அத்தனை நாளும் தாய்ப்பால்தான் குடித்தது. நாங்கள் கொடுத்த மருந்துகளுக்காக அதை நிறுத்த வேண்டியிருக்கவில்லை.

தேங்கிய சீழுக்குள் ரத்த ஓட்டம் இல்லை, ரத்தம் போகாத இடத்துக்கு மாத்திரையும் சரியாகப் போய்ச் சேராது. காய்ச்சலையும் வலியையும் கொஞ்சம் மூடி வைக்கும், அவ்வளவுதான். சீழ் என்றால் திறந்துவிடுவதுதான் முதல் வைத்தியம், மருந்து அதற்குத் துணை. அதற்காக வீட்டில் பிதுக்கி எடுக்கக் கூடாது. பிதுக்கினால் பாதி வெளியே வரும், மீதி கொழுப்புக்குள் இன்னும் ஆழமாகப் போகும். மருந்துக்கடையில் சொல்லி மாத்திரை வாங்கிப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இங்கே நிறைய. அவர்களைத் திட்டும்போதெல்லாம் எனக்கு அந்தப் போன் ஞாபகம் வரும்.

உங்கள் மகளுக்கு என்ன ஆயிற்று என்றால், அன்று டியூட்டியில் இருந்த டாக்டர் சுத்தமான பஞ்சுக்குச்சியை விட்டுப் பார்த்திருக்கிறார். ஒரு சென்டிமீட்டர்தான் போனது, அடியில் உறை கெட்டியாக இருந்தது. பக்கத்தில் அமுக்கியபோது இரண்டு ஸ்பூன் அளவுக்குத் தெளிந்த நீர் வந்தது, வாடை இல்லை. கயிறு முழு நீளத்துக்கும் இருந்தது. மாத்திரை எதுவும் கொடுக்காமல், காஸ் வைத்து காலையும் மாலையும் மாற்றச் சொல்லி அனுப்பினார். நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். பதினான்காம் நாள் ஈரம் நின்றுவிட்டது என்று சொன்னீர்கள்.

இப்படி நிதானமாகக் காஸில் ஒற்றிப் பார்க்க நேரம் இல்லாத சந்தர்ப்பங்களும் உண்டு. அபூர்வம்தான், ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். ஐந்து முதல் பத்து நாளுக்குள், இருமும்போதோ எழும்போதோ உள்ளே ஏதோ விட்டுப்போன மாதிரி தோன்றி, தர்பூசணிச் சாற்றில் தண்ணீர் விட்ட மாதிரி இளஞ்சிவப்பு நீர் பாவாடை நனைய வந்தால், அடியில் இருக்கும் உறை விட்டிருக்கலாம். நெட்டுக்கீறலில் இது கொஞ்சம் கூடுதல். மகளைப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி வைத்து, சலைனிலோ காய்ச்சி ஆறிய நீரிலோ நனைத்த சுத்தமான துணியால் மூடுங்கள். உள்ளிருந்து ஏதாவது வெளியே தெரிந்தாலும் கையால் உள்ளே தள்ளக் கூடாது. குடிக்கவும் சாப்பிடவும் எதுவும் கொடுக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். இன்னொன்று, பேனாக் கோட்டை ஒரு மணி நேரத்திலேயே தாண்டி ஓடும் சிவப்பு. முதல் இரண்டு நாளிலேயேகூட வரும். பார்க்கிற புண்ணுக்குச் சம்பந்தமே இல்லாத அளவுக்கு வலி, தோல் கருநீலமாகி நீர்க்கொப்புளம், சாம்பல் நிறக் கலங்கல் நீர், தாய் சோர்ந்து உளறுவது. அப்போது வழியில் எங்கும் நிறுத்தாமல், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி மாதிரி பெரிய இடத்துக்கு நேராகப் போக வேண்டும்.

தையல் நன்றாக இருந்தும் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினால் மார்பில் பால் கட்டியிருக்கிறதா, சிறுநீர் கடுக்கிறதா, தீட்டு நாற்றம் அடிக்கிறதா என்று பாருங்கள். தீட்டில் கெட்ட வாடை என்றால் கர்ப்பப்பைக்குள் கிருமி. எதுவாக இருந்தாலும் அன்றைக்கே காட்ட வேண்டியதுதான்.

கடைசியாக ஆச்சி. அவர்களோடு சண்டை போடாதீர்கள், பிள்ளை பெற்றவளைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள அப்படி ஓர் ஆள் வேண்டும். ஆனால் தண்ணீர் விஷயத்தில் அவர்கள் சொல்வது தப்பு. குடிக்கிற தண்ணீர் தையலுக்குப் போவதில்லை. சீழ் கிருமியால் வருவது. பால் கொடுக்கும் தாய் நம் ஊர் வெயிலில் இரண்டு டம்ளரோடு நின்றால் சிறுநீர்க் கடுப்பு வரும், மலம் இறுகும். மலத்துக்கு முக்கினால்தான் தையலில் இழுக்கும். சாப்பாட்டுத் தண்ணீர், மோர், கஞ்சி எல்லாம் சேர்த்து இரண்டரை, மூன்று லிட்டர் போகட்டும். பருப்பும் முட்டையும் மீனும் சீழ் வைக்காது, கயிறு திரள்வதே அந்தச் சத்தில்தான்.

மஞ்சள்பொடி குழம்புக்கு இருக்கட்டும். திறந்த வாயில் பொடியோ, சாம்பலோ, தேங்காயெண்ணெயோ வைத்தால் கிருமியையும் சேர்த்தே உள்ளே வைக்கிறோம், மேலே மஞ்சள் பூசிவிட்டால் கறை என்ன நிறம் என்று எங்களுக்கும் தெரியாது. வெந்நீரை வேகமாக வயிற்றில் வீசி ஊற்றுவதையும் விட்டுவிடுங்கள். அந்தத் தோல் மரத்திருப்பதால் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். இளஞ்சூட்டில் தினமும் குளிக்கலாம், சோப்பு நீர் தையல் மேல் வழிந்தால் பரவாயில்லை. தேய்க்காமல், வெயிலில் காய்ந்த பருத்தித் துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். ஓரம் முழுசாக மூடும்வரை ஆற்றிலும் வாய்க்காலிலும் முங்கிக் குளிக்க வேண்டாம்.

நம் ஊரில் தையலுக்குப் பெரிய எதிரி வேர்வை. மடிப்புக்குள் ஈரம் ஊறி, தோல் ரொம்ப நேரம் தண்ணீரில் கிடந்த விரல் மாதிரி வெளுத்து நைந்து, அப்புறம் விரியும். மத்தியானம் பத்து நிமிஷம் மடிப்பைத் தூக்கி ஃபேன் காற்று படும்படி படுக்கட்டும். மற்ற நேரத்தில் மடிப்புக்கு நடுவே ஒரு வெள்ளைத் துணியை மடித்து வைத்து, நனைந்ததும் மாற்றுங்கள். வயிற்றுக்குப் பழைய வேட்டி கட்டுவதானால் விரல் நுழையும் தளர்வில் கட்டி, தினம் துவைத்ததைக் கட்டுங்கள்.

மூன்று வாரத்தில் தையலுக்குப் பழைய பலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் வந்திருக்கும், ஆறு வாரத்தில் ஏறத்தாழப் பாதி. அதுவரை அவள் தூக்கும் பாரம் பிள்ளையாக மட்டும் இருக்கட்டும். தண்ணீர்க் குடத்தையும் இட்லி மாவுத் தூக்கையும் வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் வாரம் காட்ட வரும்போது, நின்றுபோன அந்த இடது ஓர ஈரம் மறுபடி எப்போதாவது வந்ததா என்பதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.